கணக்குச் சரியாக இருந்த குளிசைகள்

வலிப்பு வருத்தம் உள்ள ஒரு பிள்ளைக்கு மீண்டும் வலிப்பு வந்தால், வார்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "குளிசை ஒழுங்காகக் குடுத்தீங்களா?" பெரும்பாலான தாய்மார் "ஓம்" என்பார்கள். அதை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் அனுபவத்தைப் பொறுத்தது. இந்தத் தாய் அதற்கும் மேலே போய், ஞாயிறு இரவு தானே போத்தலைக் கொட்டி எண்ணியதாகவும் 14 குளிசை மிச்சம் இருந்ததாகவும் சொன்னார். அடுத்த கிளினிக்குக்கு 7 நாள் இருந்தது. நாளுக்கு 2 குளிசை. கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த 14 குளிசையில் ஒன்றுகூடப் பிள்ளையின் மருந்து அல்ல.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை விட்டு உள்ளே, ஒரு குளத்தை அண்டிய கிராமம். மீள்குடியேற்றத்தின்போது கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. அதில் 68 வயது அம்மம்மா, அவரின் மகள், மகளின் 8 வயது மகன் ஆகிய மூவரும் இருக்கிறார்கள். மகளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய 5 மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும், அவர் வீடு திரும்ப இரவு 7 மணியாகும். ஆகவே பிள்ளையை எழுப்புவது, பள்ளிக்கு அனுப்புவது, சாப்பாடு குடுப்பது, குளிசை குடுப்பது எல்லாமே அம்மம்மாவின் பொறுப்பு.

பிள்ளைக்கு 6 வயதில் வலிப்பு தொடங்கியது. எப்போதும் விடியப்புற நித்திரையில்தான் வரும். ஒரு பக்க வாய் கோணும், எச்சில் வடியும், ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். இந்த வயதில் அதிகம் காணப்படும் வகை இது, வளர வளரப் பெரும்பாலும் தானாகவே விட்டுப்போகும். கார்பமசெபின் 200 மில்லிகிராம் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று. பிள்ளையின் நிறை 24 கிலோ, அந்த நிறைக்குப் பொருத்தமான அளவு. ஒன்றரை வருடமாக ஒரு வலிப்பும் இல்லை.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரசரும். சீனிக்கு இரண்டு வகைக் குளிசை: மெட்ஃபோர்மின், கிளிக்லசைட். கிளிக்லசைட் 80 மில்லிகிராம் குளிசையும் காலையில் 1, இரவில் 1. மெட்ஃபோர்மின் பெரிது, பிரசர்க் குளிசை மிகச் சிறிது, அவற்றைக் கைவிரலாலேயே பிரித்துவிடுவார். கிளிக்லசைட்டும் பேரனின் கார்பமசெபினும் அப்படி அல்ல. இந்த ஊர் வைத்தியசாலைக்கு அந்த மாதம் வந்திருந்த இரண்டுமே வெள்ளை, வட்டம், தட்டை, நடுவில் கோடு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடச் சற்று அகலம். தனியாக உள்ளங்கையில் இருந்தால், இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்த ஒருவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

முன்பு இருவரும் வேறு வேறு நாளில் கிளினிக் போனார்கள். ஒவ்வொரு முறையும் மகளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் கிராமத்துக்குக் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையில் கேட்டு, இரண்டு பேரின் மாத மருந்தையும் ஒரே நாளில் எடுக்க ஒழுங்கு செய்திருந்தார். நல்ல ஏற்பாடுதான், நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் அந்த நாளில் இருந்து இருவருக்கும் ஒரே திகதியில் 60 குளிசை, நாளுக்கு 2, ஒரே வேகத்தில் குறையும். எந்த நாளில் எண்ணினாலும் இரண்டு போத்தலிலும் ஒரே எண்ணிக்கைதான் இருக்கும்.

போத்தலும் மூடியும்

அரச வைத்தியசாலையில் குளிசையைப் பெரிய டப்பாவில் இருந்து எண்ணிக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். உறையின் மேல் ஆங்கிலத்தில் பெயரும், எத்தனை வேளை என்ற குறியும் இருக்கும். மாரியில் வன்னியில் காகிதம் ஈரம் பிடிக்கும், குளிசை பொரிந்துபோகும். அம்மம்மா வாய் அகன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் இரண்டை எங்கோ தேடி எடுத்து, மருந்து வந்த அன்றே உறையைக் கிழித்து அவற்றில் கொட்டிவிடுவார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதால் உறையை எறிவதில் அவருக்கு நட்டமும் இல்லை. பேரனின் போத்தலைத் தெரிந்துகொள்ள அதன் மூடியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். தன்னுடையதில் நூல் இல்லை.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை வீடு கழுவல். அலுமாரித் தட்டில் இருந்த போத்தல்களில் எறும்பு ஏறியிருந்தது. அம்மம்மா மூடிகளைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுளகில் வெயிலுக்கு வைத்தார். மத்தியானம் எடுத்துப் பூட்டினார். நூல் கட்டிய மூடி தன் குளிசை இருந்த போத்தலுக்குப் போய்விட்டது.

அன்று இரவு தொடங்கிப் பேரன் கிளிக்லசைட்டும் அம்மம்மா கார்பமசெபினும் எடுத்தார்கள். அம்மம்மாவின் பார்வையில் எதுவும் மாறவில்லை. சிவப்பு நூல் உள்ளதில் இருந்து பேரனுக்கு, இல்லாததில் இருந்து தனக்கு.

சனி இரவு முதல் திங்கள் காலை வரை

சனி நள்ளிரவு தாண்டிப் பிள்ளை எழும்பி "பசிக்குது அம்மம்மா" என்றான். வழமையில் இரவில் எழும்பாத பிள்ளை. அம்மம்மா பிஸ்கட்டும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் குடுத்தார். பிறகு நித்திரையாகிவிட்டான். அந்தத் தேத்தண்ணியில்தான் அன்றைக்கு அவன் தப்பினான் என்று நினைக்கிறேன். ஞாயிறு முழுவதும் அடிக்கடி சாப்பாடு கேட்டான், இடையிடையே சினந்தான், பின்னேரம் வியர்த்துக் களைத்துப் படுத்தான். விருந்துக்கு வந்த பிள்ளைகளோடு விளையாடின களை என்று விட்டுவிட்டார்கள். இரவுக் குளிசையை விழுங்கிவிட்டு இரண்டு வாய் புட்டோடு நித்திரையாகிப் போனான்.

திங்கள் விடிய 4.30க்குத் தாய் சமைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பிள்ளைக்கு வலிப்பு. முந்தையதுபோல ஒரு பக்க வாய் மட்டும் அல்ல, கையும் காலும் முழு உடம்பும் வெட்டியது. பெட்சீற் நனைந்திருந்தது. சிறுநீர் என்று நினைத்துத் தடவினால் வியர்வை, உடம்பு சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அந்த வீதியில் யானை நிற்கும், ஓட்டோக்காரர் வேகமாகவும் ஓடமுடியாது. பிரதேச வைத்தியசாலைக்குப் போய்ச் சேர 5.15.

இரத்த நாளம் வழியாக டயசிபாம் குடுத்தார்கள். வலிப்பு நின்று சில நிமிடத்தில் மீண்டும் தொடங்கியது. இரண்டாவது மருந்துக்குப் போகுமுன் அங்கிருந்த வைத்தியர் விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தார்: டெசிலீற்றருக்கு 31 மில்லிகிராம். 10 வீத டெக்ஸ்ட்ரோஸை கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் என்ற கணக்கில் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் மெதுவாக ஏற்றினார். ஊசி முடியுமுன்னரே வெட்டு நின்றது. 6 மணிக்குச் சீனி 124. உடனே அம்புலன்சில் எங்கள் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார்.

இந்த வைத்தியர் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை. "வலிப்பு வருத்தம் உள்ள பிள்ளை, விடியப்புறம், வலிப்பு" என்ற மூன்றும் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்ததோடு அச்சொட்டாகப் பொருந்தின. சீனி பார்க்காமல் வலிப்பு மருந்தையே கூட்டிக்கொண்டு போயிருந்தால் பிள்ளை மயக்கத்தில் அடங்கிக் கிடந்திருப்பான், வெட்டு வெளியில் தெரிந்திராது, மூளை சீனியில்லாமல் கிடந்திருக்கும். அறியப்பட்ட வலிப்புக்காரருக்கும் ஒவ்வொரு வலிப்பிலும் சீனி பார்க்கவேண்டும் என்பது புத்தகத்தில் இருப்பதுதான். விடிய 5 மணிக்கு, தனி ஒருவராக நின்று அதைச் செய்வது வேறு விசயம்.

வார்டில்

7.30க்கு வந்தபோது பிள்ளை விழித்திருந்தான், தாயைத் தெரிந்தது, தண்ணி கேட்டான். சீனி 86. காய்ச்சல் இல்லை, கழுத்து இறுக்கம் இல்லை, ஈரல் வீக்கம் இல்லை. இந்தக் கட்டத்தில் எல்லோர் மனதிலும் வந்த விளக்கம்: இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறான், சீனி இறங்கியிருக்கிறது, அதனால் வலிப்பு. அப்படி நடப்பதும் உண்டு. மெலிந்த சின்னப் பிள்ளைகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் சீனி குறையும்.

9 மணிக்கு அந்த விளக்கம் உடைந்தது. டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, பால் தேத்தண்ணியும் குடித்திருக்க, பிள்ளை மீண்டும் வியர்த்தான். சீனி 44. பட்டினியால் இறங்கிய சீனி, சாப்பாடு போனால் ஏறி நிற்கும். இது ஏற்ற ஏற்ற இறங்கியது. ஊசி மருந்துக்கு முன்பே 2 குழாய் இரத்தம் எடுத்து வைத்தோம், பிறகு டெக்ஸ்ட்ரோஸ் குடுத்தோம். 10.30க்கு மறுபடியும் 47.

அதே நேரம் எடுத்த சிறுநீரில் கீற்றோன் இல்லை. செலவில்லாத, ஒரு நிமிடத்தில் முடியும் பரிசோதனை இது, ஆனால் இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான். சீனி குறைந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதன் கழிவாகக் கீற்றோன் சிறுநீரில் வரும். பட்டினிப் பிள்ளையின் சிறுநீர்க் கீலம் கடும் ஊதாவாக மாறும். சீனி 47 ஆக இருந்தும் கீற்றோன் இல்லை என்றால், கொழுப்பை எரியவிடாமல் ஏதோ ஒன்று தடுக்கிறது. அப்படித் தடுப்பது இன்சுலின். ஆகவே இந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் இருக்கக்கூடாத நேரத்தில் இருக்கிறது.

8 வயதில் அதற்கு வழிகள் குறைவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி, மிக அரிது. யாரோ போட்ட இன்சுலின் ஊசி. அல்லது கணையத்தை உலுக்கி இன்சுலினை வெளியேற்றும் சீனிக் குளிசை, அதாவது கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவை. இந்தக் குளிசை உள்ளே இருக்கும்போது டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது நெருப்பில் நெய் விடுவதுபோல. வந்த சீனியைக் கண்ட கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைக் கொட்டும். சீனி ஏறி, ஒரு மணித்தியாலத்தில் முன்னைவிட வேகமாக இறங்கும். நாங்கள் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

தாயைக் கூப்பிட்டு, வீட்டில் ஆருக்கும் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு இருக்கு டொக்டர். ஆனா அவ கவனம். தம்பியின்ர போத்திலுக்குச் சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கிறா. அவன் தானா எடுத்துப் போடுற பிள்ளையும் இல்லை."

"தம்பியின்ர குளிசை ஒண்டும் தவறேல்லையா?"

"நேற்று இரவு நானே எண்ணினனான். 14 சரியா இருந்தது."

இந்தப் பதில் எங்களைச் சற்று நேரம் வேறு பக்கம் கொண்டுபோனது. பிள்ளை தன் குளிசையை எடுத்திருக்கிறான், அதோடு ஒரு நாள் தெரியாமல் அம்மம்மாவின் குளிசையையும் வாயில் போட்டிருக்கிறான் என்று யோசித்தோம். பிள்ளைகள் இனிப்பு என்று நினைத்து விழுங்குவது ஒவ்வொரு குழந்தைகள் வார்டும் கண்ட விசயம், பிள்ளையின் உடம்புக்கு இந்த வகைக் குளிசை ஒன்றே போதும். ஆனால் அப்படி நடந்திருந்தால் அம்மம்மாவின் போத்தலில் ஒன்று குறையவேண்டும். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். அம்மம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கொண்டு எண்ணுவித்தார். 13. காலையில் அவர் தனக்கு ஒன்று எடுத்திருந்தார், ஆகவே 13 இருக்கவேண்டும். அதுவும் சரி.

வீட்டில் உள்ள எல்லாக் குளிசையையும், பழையது புதியது என்று பிரிக்காமல், ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னோம்.

கட்டில் கம்பியைப் பிடித்து நடந்தவர்

பையோடு அம்மம்மாவே வந்தார், பக்கத்து வீட்டுப் பெண் கைபிடிக்க. வார்டு வாசலில் இருந்து பேரனின் கட்டில் வரை ஒவ்வொரு கட்டிலின் கம்பியாகப் பிடித்துப் பிடித்து, காலை அகட்டி வைத்து நடந்தார். எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைப் பார்த்தது தாதி ஒருவர்தான்.

"அம்மம்மா, இதில இருங்கோ. தலை சுத்துதா?"

"ரெண்டு நாளாச் சுத்துது பிள்ளை. இப்ப நீயும் ரெண்டு பேராத் தெரியிறாய்."

பொங்கல் வேலைக் களை, பேரனைப் பற்றிய பயம், காலைச் சாப்பாடு இல்லை என்று மூன்று காரணம் அவரே சொன்னார். தாதி பேசிக்கொண்டே விரலில் குத்தினார். வெறும் வயிறு, சீனி வருத்தக்காரர், தலைச்சுற்று என்றால் சீனி இறங்கியிருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தாராம். காட்டியது 312.

அவர் என்னிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: "டொக்டர், பேரனுக்கு 47, அம்மம்மாவுக்கு 312."

இரண்டு எண்ணையும் ஒன்றாகக் கேட்டபிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளை அம்மம்மாவின் குளிசையை எடுத்திருந்தால் பிள்ளைக்குச் சீனி இறங்கும், அவ்வளவே. அம்மம்மாவுக்குச் சீனி ஏறியிருக்கிறது என்றால் அவருடைய குளிசை அவருக்குப் போகவில்லை. தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, காலை அகட்டி நடப்பது ஆகிய மூன்றும் கார்பமசெபின் கூடியவருக்கு வருபவை. இந்த மருந்தை எப்போதும் சிறிய அளவில் தொடங்கி, நாள்கள் விட்டு விட்டுக் கூட்டுவோம். 68 வயதுப் பழக்கமில்லாத உடம்பில் 4 வேளையாக 800 மில்லிகிராம் ஒன்றரை நாளுக்குள் இறங்கியிருக்கிறது. விரலை ஆட்டிப் பார்க்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் கண்மணி துடித்தது.

அவர் தனியாக வேறொரு நாள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்தேன். சீனியும் பிரசரும் உள்ள முதியவர், திடீர்த் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை: மூளையின் பின்பக்கப் பக்கவாதம் என்று மருத்துவ வார்டில் சேர்த்திருப்பார்கள், ஸ்கானுக்கு அனுப்பியிருப்பார்கள். யாரும் அதைப் பிழை என்று சொல்லமுடியாது. பிள்ளையைத் தனியாகப் பார்த்தால் வலிப்பு, அம்மம்மாவைத் தனியாகப் பார்த்தால் பக்கவாதம். இருவரும் ஒரே அறையில் இருந்ததால்தான் பிடிபட்டது.

பையில் இருந்த இரண்டு போத்தலையும் எங்கள் மருந்தாளரிடம் கொண்டுபோனோம். அவர் களஞ்சியத்தில் இருந்து இரண்டு மருந்தையும் எடுத்து, வெள்ளைத் தட்டில் பக்கம் பக்கமாக வைத்து, குளிசையின் விட்டம், தடிப்பு, கோட்டின் ஆழம் மூன்றையும் ஒப்பிட்டார். சிவப்பு நூல் மூடிக்குள் 14 கிளிக்லசைட். நூல் இல்லாததற்குள் 13 கார்பமசெபின். கலப்பு இல்லை. எண்ணிக்கை ஏன் கடைசிவரை சரியாக இருந்தது என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. குளிசை எண்ணுவது போத்தலில் இருந்து எத்தனை போனது என்று சொல்லும். போனது யார் வயிற்றுக்கு என்று சொல்லாது.

சிகிச்சை

பிள்ளைக்கு இனி டெக்ஸ்ட்ரோஸை மட்டும் நம்பமுடியாது. கணையம் இன்சுலினை விடுவதையே அடக்கும் ஒக்ட்ரியோடைட் என்ற மருந்து உண்டு. பெரியவர்களின் வார்டில் ஈரல் வருத்தக்காரருக்கு இரத்த வாந்தி வரும்போது பாவிப்பதற்காக வைத்திருப்பார்கள். அங்கிருந்து எடுத்து, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று 25 மைக்ரோகிராமைத் தோலுக்குக் கீழே போட்டோம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. முதல் ஊசிக்குப் பிறகு சீனி 80க்குக் கீழே போகவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலில் குத்தினோம். கடைசி ஊசி திங்கள் நள்ளிரவு.

செவ்வாய் காலை பிள்ளை ஓடித் திரிந்தான், வீட்டுக்கு விடுங்கோ என்று கேட்டார்கள். விடவில்லை. ஒக்ட்ரியோடைட்டின் வேலை முடிந்தபிறகும் குளிசையின் மிச்சம் உடம்பில் இருந்தால் சீனி மீண்டும் இறங்கலாம், அதுவும் இரவு நித்திரையில். ஊசியும் இல்லாமல், சேலைனும் இல்லாமல், ஒரு முழு இரவு சீனி நிற்கிறதா என்று பார்த்துத்தான் புதன் காலை அனுப்பினோம். கார்பமசெபினைத் திங்கள் இரவே பழைய அளவில் தொடங்கிவிட்டோம். விட்டுப்போனது 4 வேளைதான், ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்குப்போலச் சிறிது சிறிதாகக் கூட்டத் தேவையிருக்கவில்லை.

திங்கள் விடிய வந்த வலிப்புக்குச் சீனி குறைந்தது காரணமா, வலிப்பு மருந்து விட்டுப்போனது காரணமா என்று பிறகு வார்டில் ஒரு வாதம் நடந்தது. என் கணிப்பில் சீனிதான். முழு உடம்பும் வெட்டியது, வியர்வை, டயசிபாமுக்கு நிற்காமல் டெக்ஸ்ட்ரோசுக்கு நின்றது. ஆனால் மருந்து இல்லாத மூளை சீனிக் குறைவுக்கு இன்னும் சுலபமாக வெட்டியிருக்கும். இரண்டையும் துல்லியமாகப் பிரிக்க எங்களிடம் வழியில்லை.

சீனி குறைந்திருந்த நேரத்தில் எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போய், முடிவு வந்தபோது பிள்ளை வீட்டில் இருந்தான். இன்சுலினும், கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியேற்றும் சி-பெப்டைட்டும் இரண்டும் கூடுதலாக இருந்தன. யாரும் இன்சுலின் ஊசி போடவில்லை என்பதை அது உறுதிப்படுத்தியது, ஊசி இன்சுலின் என்றால் சி-பெப்டைட் குறைந்திருக்கும். கட்டியா குளிசையா என்பதை அது பிரிக்காது, இரண்டிலும் இன்சுலின் சொந்தக் கணையத்தில் இருந்துதான் வருகிறது. ஆகவே கிளினிக்கில் இரண்டு தடவை அதிகாலைச் சீனி பார்த்தோம், இரண்டும் சாதாரணம்.

அம்மம்மாவை ஒரு நாள் மருத்துவ வார்டில் வைத்துப் பார்த்தார்கள். இந்த மருந்து முதியவர்களில் இதயத் துடிப்பைத் தாமதப்படுத்தலாம், இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். ஈசிஜி நன்றாக இருந்தது, சோடியம் 133, சற்றுத்தான் குறைவு. தோலில் தடிப்பு வருகிறதா என்று சில வாரம் கவனிக்கச் சொன்னோம், வரவில்லை. மூன்றாம் நாள் நடை சரியானது. கிளிக்லசைட்டை மீண்டும் தொடங்கினார்கள்.

வீட்டில் மாறியவை

இரண்டு போத்தலில் இருந்த குளிசை முழுவதையும் மருந்தாளர் வாங்கிவைத்துவிட்டு, மாத நடுவில் புதிதாக வழங்க ஒரு கடிதம் கேட்டார், எழுதிக் குடுத்தோம். புதிய குளிசை காகித உறையோடேயே மூடியுள்ள வெவ்வேறு டப்பாக்களுக்குள் போனது: பேரனுடையது சதுர பிஸ்கட் தகரம், அம்மம்மாவினது வட்டப் போத்தல். தொட்டாலே தெரியும். உறையில் மருந்தாளர் தமிழில் பெரிதாக "வலிப்பு", "சீனி" என்று எழுதினார். அடையாளம் எதுவும் மூடியில் இருக்கக்கூடாது, பாத்திரத்தின் உடம்பில் இருக்கவேண்டும் என்று தாதி அம்மம்மாவுக்குச் செய்தே காட்டினார். மூடி கழன்று வேறிடம் போகும், உடம்பு குளிசையை விட்டு எங்கும் போகாது.

பேரனின் குளிசையை இனித் தாயே குடுப்பது என்று முடிவு. காலை வேளை 4.45க்கு, பஸ் வருமுன். இரவு வேளை அவர் வந்தபிறகு. அம்மம்மாவுக்கு இது மனவருத்தம். "ரெண்டு வருசமா நான்தானே குடுத்தனான்" என்று கிளினிக்கில் எனக்கும் சொன்னார், தாதிக்கும் சொன்னார். மகள் இரவு வேலை செய்யும் கிழமைகளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் இல்லை. அந்தக் கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து குடுக்கிறார். கார்பமசெபினைப் பாணியாக மாற்றினால் குழப்பமே வராது என்று ஒரு யோசனை வந்தது. பாணி எல்லா மாதமும் கிடைக்கும் என்று உறுதியில்லாததால் விட்டுவிட்டோம், வலிப்பு மருந்து இடையில் அறுந்தால் அது வேறு ஆபத்து.

ஒரே நாள் கிளினிக்கை மாற்றவில்லை. ஒரு நாள் சம்பளம் அந்த வீட்டுக்குப் பெரிது. பதிலாக, பிரதேச வைத்தியசாலையில் பேரனுக்கு மட்டும் 2 நாள் குளிசை கூடுதலாகக் குடுக்கிறார்கள், 64. இப்போது எந்த நாள் எண்ணினாலும் தகரத்தில் போத்தலைவிட 4 கூட இருக்கவேண்டும். தாய் கலண்டரில் இரண்டு எண்ணையும் எழுதுகிறார்.

அம்மம்மாவின் கண்ணுக்குக் கண் கிளினிக்கில் திகதி எடுத்திருக்கிறோம். வலது கண் முதலில்.